இரண்டு அங்குல இடம்

ரிடையர் ஆகிறவருக்கு வாழ்த்து அட்டை வாங்கி வரப் போகிறவன் புத்திசாலி. முதலில் எழுதும் பாக்கியம் அவனுக்குத்தான்!

எங்கள் சூப்பரின்டெண்ட் சாருக்கு வாங்கின அட்டை, அவர் கண்ணில் படாமல் ஒரு பழைய ஃபைலுக்குள் ஒளிந்து டேபிள் டேபிளாக நகர்ந்தது. என்னிடம் வந்தபோது இருபத்திரண்டு பேர் எழுதி முடித்திருந்தார்கள். அக்கவுன்டன்ட் 'வாழ்க வளமுடன்' என்று சுவர் விளம்பர சைஸில் எழுதியிருந்தார். டைப்பிஸ்ட் மேடம் ஒரு ரோஜாவே வரைந்துவிட்டார். மிச்சம், வலது மூலையில் இரண்டு அங்குல நீளம், கட்டைவிரல் அகலம்.

எனக்கோ சொல்ல நிறைய இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம், பயணப்படி பில் ஒன்றில் 1,240 ரூபாயை 12,400 என்று எழுதித் தொலைத்தேன். சார் ராத்திரி வரை கூடவே உட்கார்ந்து மொத்தக் கணக்கையும் திருத்தினார். ஆபீசரிடம் மூச்சு விடவில்லை.

பழைய கவர் ஒன்றின் பின்பக்கம் அதே அளவுக்குக் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன். என் கோழிக் கிறுக்கலுக்கு வரிக்கு மூன்று வார்த்தை, மொத்தம் மூன்று வரி. கடைசி வரி பெயருக்கு. வெறும் கையெழுத்து போட்டால் பத்து வருஷம் கழித்து 'யார்டா இவன்?' என்பார். ஆக, கையிருப்பு ஆறே வார்த்தை.

'மதிப்பிற்குரிய'வை அடித்தேன். 'ஓய்வுக்காலம் சிறக்க' போயிற்று; அதைத்தான் இருபத்திரண்டு பேரும் சொல்லிவிட்டார்களே! பில், ரூபாய், ஆபீசர் எல்லாம் அவருக்கே தெரியும். அதையும் அடித்தேன். அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல் மிஞ்சியது.

'சார், அந்த சைபர் ராத்திரி மறக்கவே மறக்காது.'

சரியாக ஆறு!

வழவழ அட்டையில் பால்பாயின்ட் வழுக்கியது. ஜெல் பேனாவில் எழுதினேன். அது சட்டென்று காயாது. எனக்கு முன்னால் ஒருத்தர் அவசரமாக மூடியதில் அவருடைய 'நல்வாழ்த்துக்கள்' எதிர்ப்பக்கத்திலும் தலைகீழாக அச்சாகியிருந்தது. அதனால் ஊதி ஊதி, ஒரு காபி குடித்து முடித்த பிறகுதான் ஃபைலை மூடினேன்.

மாசக் கடைசி நாள். மாலை, மிக்சர், ஜாங்கிரி, குரூப் போட்டோ எல்லாம் ஆயிற்று. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் படித்தார். ரோஜாவுக்குச் சிரித்தார். மூலைக்கு வந்ததும் அட்டையைக் கிட்டே கொண்டுபோனார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

கிளம்பும்போது என் டேபிளண்டை வந்து நின்றார்.

"அன்னிக்கு நீ ராத்திரி சாப்பிடவே இல்லை, ஞாபகம் இருக்கா?" என்றார்.

எனக்கு இல்லை. அவருக்கு இருந்தது.