நாற்பது சொற்களில் ஒருவர்

கருத்தரங்கு நிகழ்ச்சிநிரலுக்குப் பேச்சாளர் குறிப்புகளைத் தொகுக்கும் வேலை சில ஆண்டுகளாக என் தலையில். ஆளுக்கு நாற்பது சொல் என்று கேட்போம். நானூறு வரும். ‘பன்னாட்டுப் புகழ்பெற்ற’, ‘தன்னிகரற்ற’ எல்லாவற்றையும் அடித்துவிடுவேன். யார் பெயருக்குப் பின்னாலும் ஒட்டக்கூடிய சொல் அவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. வெட்டுவது எளிது. ஒன்றுமே எழுதாதவர்களிடம்தான் சிக்கல்.

ஒருமுறை, ஏரித் தூம்புகளில் உள்ள கல்வெட்டுகளைப் பற்றிப் பேசவிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அனுப்பியது இவ்வளவுதான்: ‘ஓய்வுபெற்ற ஆசிரியை. கல்வெட்டு ஆர்வலர்.’ அமர்வில் மற்ற மூவரும் முனைவர்கள். ‘ஆர்வலர்’ என்று அச்சானால், பேசத் தொடங்கும் முன்பே அவரை ஒரு படி கீழே உட்கார வைத்ததாகிவிடும். பதிலுக்கு ‘கல்வெட்டுச் செம்மல்’ என்று போட்டால் அரங்கமே சிரிக்கும்.

போன் செய்தேன். “டீச்சர், எத்தனை கல்வெட்டு படியெடுத்திருப்பீங்க?”

“எண்ணினதில்ல சார். நோட்டு இருக்கு, பாத்துச் சொல்றேன்.”

மறுநாள் எண்கள் வந்தன. அச்சில் போனது இது:

‘அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர். 2009 முதல் பாலாற்றுப் பகுதி ஏரித் தூம்புகளின் கல்வெட்டுகளைப் படியெடுத்து வருகிறார். இதுவரை படியெடுத்த 43இல் 11 கல்வெட்டுகள் ‘ஆவணம்’ இதழில் வெளியாகியுள்ளன. தூம்பு அமைத்தவர்களின் பெயர்களைப் பற்றிப் பேசுகிறார்.’

‘பல ஆண்டுகளாக’ என்று எழுதவில்லை. 2009 என்றால் எவரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம், அடுத்த ஆண்டும் அது பொய்யாகாது. கணிதத்தை எடுத்துவிடச் சொன்னார், நான்தான் விடவில்லை. எங்கிருந்து வந்தவர் என்பதை மறைக்காத குறிப்பில்தான் மற்றதையும் நம்பத் தோன்றுகிறது. ‘அவர்கள்’ தேவைப்படவில்லை. ‘வருகிறார்’ என்பதிலேயே மரியாதை இருக்கிறது. அமர்வுத் தலைவர் இதை மேடையில் வாசிப்பார், அரை நிமிடம்கூட ஆகாது. படர்க்கையில் எழுதுவதே அதற்காகத்தான். தன்னைப் பற்றித் தானே எழுதினாலும், இன்னொருவர் வாயில் கூசாமல் வரவேண்டும்.

“பெருமை பேசற மாதிரி இல்லையே?” என்று கேட்டார்.

“எண்ணிப் பாத்ததைத்தானே சொல்லியிருக்கோம் டீச்சர்.”

எண் போட்டால் கேள்வியும் வரும் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். வந்தது. மீதி 32 என்னவாயிற்று என்று ஒரு பேராசிரியர் கேட்டார். டீச்சர் நோட்டைப் பிரித்தார். “பத்தொன்பது ஏற்கெனவே கல்வெட்டு ஆண்டறிக்கைகள்ல பதிவானது, நான் சரிபார்க்க எடுத்தேன். ஒன்பது ரொம்பத் தேஞ்சு போச்சு, படிக்க முடியல. நாலு இன்னும் படிச்சிட்டிருக்கேன்.” அந்த நான்கையும் பார்க்கலாமா என்று கேட்டபடியே பேராசிரியர் எழுந்து முன்வரிசைக்கு வந்துவிட்டார்.