மூன்றாம் சீட்டு, பதினோராம் சீட்டு

சமூகவியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கேக்க ஆயிரம் சொல்லுக்குள்ள ஒரு ஸ்டேட்மென்ட் கேட்பினம். நான் முதல் எழுதினது இப்படித் தொடங்கிச்சு: “போருக்குப் பின்னரான வடக்கில் பெண்களின் பொருளாதார வலுவூட்டல் குறித்து எனக்கு ஆழ்ந்த ஆர்வம் உண்டு.” வாசிச்ச விரிவுரையாளர் ஒரு கேள்விதான் கேட்டார். “இதில நீர் கண்ணால பார்த்தது எது?” ஒண்டும் இல்லை. அந்த வசனத்தை யாழ்ப்பாணத்துக்கு வராத ஒரு ஆளும் எழுதியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து யோசிச்சன். நான் கண்ணால பார்த்தது எங்கட விறாந்தையில நடக்கிற சீட்டு. அம்மாதான் தாச்சி. பன்னிரண்டு பெண்கள், மாசம் ஆளுக்கு ஐயாயிரம், ஒவ்வொரு மாசமும் ஒருவருக்கு அறுபதாயிரம். முதல் மாசம் தாச்சிக்கு. மிச்சப் பதினொரு பேரும் தொடங்கிற அண்டே ஒரு சில்வர் பேணிக்குள்ள இருந்து நம்பர் எழுதின துண்டை எடுப்பினம். மூன்று வந்தா மூன்றாம் மாசம், பத்து வந்தா பத்தாம் மாசம். இதில ஆருக்கும் பாகுபாடு இல்லை எண்டுதான் சின்ன வயசில இருந்து நினைச்சிருந்தன்.

அந்தச் சுற்றின் துண்டு எடுத்த வரிசையை நான்தான் கொப்பியில எழினது. ஸ்டேட்மென்ட்டுக்காக அதையும், காசு குடுத்த திகதிகளை அம்மா குறிச்சு வைச்ச கொப்பியையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்த்தன். பதினொரு பேரில நாலு பேர்தான் தங்களுக்கு விழுந்த மாசத்தில காசு எடுத்திருந்தினம். ஏழு பேர் மாறியிருந்தினம். மாத்திக் குடுக்கிறது வழக்கம்தான். ஒருத்தருக்கு அவசரம் எண்டா மற்றவர் விட்டுக்குடுப்பார். என்ட குறிப்பில முதல் எழுதின சொல்லும் “விட்டுக்கொடுப்பு”தான்.

பிறகு, விட்டுக்குடுத்தது ஆர் எண்டு பார்த்தன். பின்னுக்குப் போனது மூன்று பேர். இரண்டு பேர் வாடகை வீட்டில இருக்கிறவை. மற்றவர் கலியாணம் செய்து எங்கட ஒழுங்கைக்கு வந்து ஒரு வருசமும் ஆகாதவர். முன்னுக்கு வந்த நாலு பேருக்கும் ஒழுங்கையில சொந்த வீடு.

இந்த இடத்தில அவசரப்படக் கூடாது. முன்னுக்கு வந்தவைக்கு உண்மையாவே கூட அவசரம் இருந்திருக்கலாம். அதால ஒவ்வொருவரும் அந்தக் காசை என்ன செய்தவை எண்டு கேட்டு எழுதினன். வாடகை வீட்டு அன்ரி ஒராளுக்கு மூன்று விழுந்தது. அவ வீட்டில தையல் வேலை செய்யிறவ. ஓவர்லொக் மெசின் வாங்கத்தான் சீட்டிலேயே சேர்ந்தவ. ஆனா மூன்றாம் மாசத்தை, பதினொன்று விழுந்த இன்னொருவருக்குக் குடுத்திட்டா. அவர் அதை மகன்ட மோட்டார் சைக்கிளுக்கு முற்பணமாக் கட்டினார். அன்ரி மெசினுக்கு இன்னும் எட்டு மாசம் காத்திருந்தா. தேவையை வைச்சு மட்டும் இந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ள ஏலாது.

கணக்கைப் போட்டுப் பார்த்தாத்தான் காரணம் தெரியும். மூன்றாம் மாசம் எடுக்கிற ஆள் அதுவரைக்கும் கட்டினது பதினையாயிரம், கையில வாங்கிறது அறுபதாயிரம். மிச்ச நாற்பத்தையாயிரமும் அவர் மற்றவைக்குக் கடன். பதினோராம் மாசம் எடுக்கிற ஆள் ஐம்பத்தையாயிரம் கட்டி முடிச்சவர். அவரிட்ட வரவேண்டியது ஐயாயிரம் மட்டும். அதாவது முன் சீட்டு எடுக்கிறவர் கடன் வாங்கிறார், பின் சீட்டு எடுக்கிறவர் கடன் குடுக்கிறார். “இவர் இடையில போயிட்டா?” எண்ட பயம் முன் சீட்டுக்குத்தான் இருக்கு.

அன்ரியிட்ட, அம்மா இல்லாத நேரத்தில கேட்டன். தைச்சுக்கொண்டே சொன்னா: “நாங்கள் வாடகைக்கு இருக்கிற ஆக்கள் பிள்ளை. மூண்டாம் மாசமே எடுத்தா எல்லாருக்கும் ஒரு நெஞ்சிடி. ஒருத்தரும் வாயால கேக்க மாட்டினம். ஆனா அடுத்த முறை என்னைச் சேர்க்கவும் மாட்டினம்.”

அண்டைக்கு இரவு குறிப்பில “விட்டுக்கொடுப்பு” எண்ட சொல்லை வெட்டினன். அது அடுத்த சுற்றிலும் இடம் வேணும் எண்டதுக்காக அவ கட்டின விலை. பேணிக்குள்ள எல்லாத் துண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தது. வரிசையைத் தீர்மானிச்சது, ஆர் இந்த ஒழுங்கையை விட்டுப் போக ஏலாதவர் எண்ட கேள்வி.

இதில என்னை ஆகக்கூட உறுத்தினது இன்னொரு விசயம். அன்ரிக்குச் சொந்தக் காணி இருக்கு. வலிகாமம் வடக்கில. 1990இல இடம்பெயர்ந்த குடும்பம். அந்தக் காணி இன்னும் விடுவிக்கப்படாத பகுதிக்குள்ள இருக்கு. உறுதி கையில இருந்தும், விறாந்தைச் சீட்டில அவ வீடில்லாத ஆள்தான்.

கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1962இல எழுதின கட்டுரையில, சீட்டு மாதிரியான முறைகளைப் பழைய பொருளாதாரத்துக்கும் வங்கிக்கும் இடைப்பட்ட ஒரு படி எண்டு பார்த்தார். வங்கி வளர, இது மறையும் எண்ட எதிர்பார்ப்பு அதில இருக்கு. எங்கட சீட்டில இருக்கிற பன்னிரண்டு பேருக்கும் வங்கிப் புத்தகம் இருக்கு, சீட்டும் நடக்குது. அதால ஏன் இன்னும் சீட்டு எண்டு நான் கேக்கேல்லை. “ஒழுங்கை முழுக்கப் புது ஆக்களா இருக்கிற மீள்குடியேற்றக் கிராமத்தில முதல் சீட்டு ஆருக்கு, அதை எதை வைச்சு முடிவெடுக்கினம்?” எண்டு கேட்டன். முதுகலையில நான் செய்ய விரும்பின ஆய்வு அதுதான். ஸ்டேட்மென்ட் அந்தக் கேள்வியோட முடிஞ்சுது.

அதுக்கு முதல், என்ட பார்வையின்ர எல்லையையும் ஒரு பந்தியில எழுதினன். இது ஒரு சீட்டு, ஒரு சுற்று. மூன்று பேரை வைச்சு யாழ்ப்பாணம் முழுக்க இப்படித்தான் எண்டு சொல்ல ஏலாது. அதோட நான் தாச்சியின்ர மகள். எனக்குச் சொன்னதில கொஞ்சம் அம்மாவின்ர காதுக்குப் போகட்டும் எண்டு சொன்னதா இருக்கும். அம்மாவுக்குப் போகக்கூடாது எண்டு சொல்லாமல் விட்டதும் இருக்கும். இந்தப் பந்தி இருந்தா என்னைப் பலவீனமானவள் எண்டு நினைப்பினமோ எண்டு பயந்தன். விரிவுரையாளர் அதிலதான் பேனையால ஒரு கோடு போட்டு “இது இருக்கட்டும்” எண்டு எழுதினார்.

அனுப்ப முதல் அன்ரிக்கு முழுதையும் வாசிச்சுக் காட்டினன். வாடகை எவ்வளவு எண்டதை மட்டும் எடுக்கச் சொன்னா, எடுத்தன். காணிக் கதையையும் எடுக்கவோ எண்டு கேட்டன். “அதை எடுத்தா பிறகு என்ன இருக்கு?” எண்டா.

கடினமா இருந்தது அம்மாவுக்கு வாசிச்சதுதான். சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டிருந்திட்டு, “அப்ப நான் பிழை செய்யிறன் எண்டோ எழுதியிருக்கிறாய்?” எண்டு கேட்டா. இல்லை எண்டன். “ஒராள் காசோட போனா மிச்சப் பத்துப் பேருக்கும் பதில் சொல்லுறது நான். அதையும் எழுது” எண்டா.

அவ சொன்னது சரி. தாச்சி சுமக்கிற பொறுப்பை நான் எண்ணவே இல்லை. ஸ்டேட்மென்ட்டில கடைசியாச் சேர்த்த வசனம் அதுதான். அதுக்கு இடம் எடுக்க, “ஆழ்ந்த ஆர்வம்” எண்டு தொடங்கின முதல் வசனத்தை வெட்டினன்.