பட்டியலின் பின்பக்கம்

வேதியியல் பட்டம் வாங்கி ஏழு மாதம் ஆகியும், நான் விண்ணப்பித்தது நான்கே நான்கு கையுறைத் தொழிற்சாலைகளுக்குத்தான். வேறு பெயர்கள் எனக்குத் தெரியாது. பாட்டி தோட்டத்தில் பால் மரம் சீவியவர். பேரனுக்கு ரப்பர் துறையில் ஒரு வேலை கிடைக்கவில்லையே என்று அம்மாவுக்கு ஆதங்கம்.

கையுறை ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள், "ஆலையையே பார்த்துக்கிட்டு இருக்காதே தம்பி. ஆலைக்குச் சாமான் கொடுக்கிறவங்க யாருன்னு பாரு" என்றார். ரப்பர் கையுறைக் கண்காட்சியின் கையேடுகள் இரண்டையும் கொடுத்தார். ஒன்று பழையது.

கையுறை உற்பத்தியாளர் சங்கமான மார்க்மாவின் உறுப்பினர் பட்டியலையும் பார்த்தேன். ஆலைகள் ஒரு பிரிவு. அவற்றுக்கு ரசாயனம், இயந்திரம், கை வடிவப் பீங்கான் அச்சு விற்பவர்கள் இணை உறுப்பினர்கள். இவர்களில் ஒரு பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

கையேட்டை அகர வரிசையில் படிப்பது வீண் வேலை. பின்பக்கத்தில் பொருள்வாரியான அட்டவணை இருந்தது. அதில் 'ரசாயனங்கள்' என்ற தலைப்பின் கீழ் 31 பெயர்கள். பல வெளிநாட்டு நிறுவனங்கள்; அவற்றை அடிக்க இருந்தேன். அண்ணன் தடுத்தார். சில பெயர்களுக்குக் கீழே, சிறிய எழுத்தில் உள்ளூர் முகவரின் பெயர் இருந்தது. இங்கே சம்பளம் கொடுப்பவர் அவர்தானே!

பிறகு இரண்டு கையேடுகளையும் அருகருகே வைத்தேன். கோவிட் காலத்தில் முளைத்து, விலை சரிந்ததும் காணாமல் போனவை புதியதில் இல்லை. இரண்டிலும் இருந்தவை 11. சங்கப் பட்டியலில் இருந்த இரண்டு முகவரிகள் நிறுவனச் செயலாளரின் அலுவலகமாக இருந்தன. பதிவு முகவரி அது. தொழிற்கூடம் வேறு எங்கோ. அதற்குத் தொலைபேசிதான் வழி.

கையேட்டில் இருப்பவை பெரும்பாலும் விற்பனைப் பிரிவின் எண்கள். "வேலை காலியா?" என்று கேட்டால், "இல்லை" என்று வைத்துவிடுவார்கள். மூன்று முறை அப்படி ஆனது. நான்காவது அழைப்பில், "தொழில்நுட்பச் சேவையை யார் கவனிக்கிறார்?" என்று கேட்டேன். இணைப்பு மாறியது.

கிள்ளானில் ஒரு சிறிய நிறுவனம். கந்தகத்தையும் துத்தநாக ஆக்சைடையும் நீரில் நுண்ணியதாக அரைத்து, ரப்பர் பாலில் கலக்க ஆலைகளுக்குக் கொடுக்கிறது. துகள் பெரிதாக இருந்தால் கையுறையில் ஊசித்துளை விழும். அப்போது ஆலைக்குப் போய்க் காரணம் கண்டுபிடிக்க ஒரு வேதியியலாளர் வேண்டும். முன்பு இருந்தவர் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. விளம்பரம் கொடுக்க முதலாளிக்கு நேரமில்லை.

சம்பளம் பெரிய ஆலைகளை விடக் குறைவு. முதல் வாரமே இரவு பதினொரு மணிக்கு ஓர் ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. எனக்கு முதல் நிராகரிப்புக் கடிதம் அனுப்பியதும் அதே ஆலைதான்.