வாடகைக் கடிதம்

அந்தியூரில் தையல்கடை வைத்திருக்கும் தம்பி, "ஐயா, கட்டடக்காரர் வாடகையை 8,000-லிருந்து 10,000 ஆக்கச் சொல்றாருங்க. 11 மாதம்தானாம். கூரையும் ஒழுகுதுங்க" என்று வந்தார். கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

வாடகையை மட்டும் பேசினால் பேச்சு முறியும். மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டேன்: "அண்ணா, 9,000 தருகிறேன். மூன்று வருடம் வேண்டும். குருநாதசாமி திருவிழாவுக்குள் கூரையைச் சரிசெய்யுங்கள். சரியான மாதத்திலிருந்து புது வாடகை."

ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி கட்டடப் பழுது உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், குழாய் வாஷர் போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. அதையும் பணிவாகக் குறித்தேன்.

9,300-க்கு இருவரும் இறங்கி வந்தார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் பதிவாகாவிட்டால் மூன்று வருடம் என்ற வாக்கு வழக்கில் நிற்காது. ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நானே கூடப் போனேன்.