அந்த 4,74,900 ரூபாய் எங்கே?

வருமான வரித் துறையின் நோட்டீஸில் எனக்கு உடனே புரிந்தது ஒரே ஒரு பத்திதான். 2023-24 நிதியாண்டில் என் வங்கிக் கணக்கில் மொத்தம் 20,83,500 ரூபாய் வரவு வந்திருக்கிறது. வருமான வரிக் கணக்கில் நான் காட்டிய தொழில் வரவு 16,08,600 ரூபாய். இடையில் இருக்கும் 4,74,900 ரூபாய்க்கு ஆவணங்களோடு விளக்கம் தர வேண்டும். 15 நாள் அவகாசம்.

எனக்கு ஊர் கள்ளக்குறிச்சி பக்கம் கச்சிராயபாளையம். கல்வராயன் மலை அடிவாரம். சாமைச் சோறு, தினை உருண்டை, மலைக்காட்டுத் தேன் என்று யூடியூபில் வீடியோ போடுவதுதான் என் தொழில். அதற்கான விளம்பரப் பணத்தை கூகுளின் சிங்கப்பூர் நிறுவனம் டாலரில் அனுப்புகிறது.

நோட்டீஸைப் பார்த்ததும் அண்ணன் பதறிவிட்டான். “2023-ல கேரளாவுல யூடியூபர்ஸ் வீட்டுல எல்லாம் ரெய்டு போனாங்களே, அந்த மாதிரியா?” என்றான். கள்ளக்குறிச்சியில் இருக்கும் ஆடிட்டர் சார்தான் அமைதிப்படுத்தினார். “இது ரெய்டு இல்லம்மா. 142(1) நோட்டீஸ். கேள்வி கேக்குறாங்க, பதில் சொல்லணும். ஆனா சொல்லாம விட்டா, விளக்கமில்லாத பணம்னு எழுதிடுவாங்க.”

அப்படி எழுதிவிட்டால் வழக்கமான வரி விகிதம் கிடையாது. 60 சதவிகித வரி, அதன்மேல் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 78 சதவிகிதம். 4,74,900-க்குக் கணக்குப் போட்டால் 3,70,422 ரூபாய்!

முதலில் நோட்டீஸ் நிஜமா என்று பார்த்தோம். துறையின் கடிதங்களில் டிஐஎன் என்ற ஆவண எண் இருக்கும். வருமான வரி இணையதளத்தில் லாகின் செய்யாமலேயே அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். எங்களுடையது நிஜம்தான்.

அப்புறம் மூன்று காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்று, ஆட்சென்ஸ் பக்கத்தில் மாதாமாதம் கிடைக்கும் பணப் பட்டுவாடா ரசீது. இரண்டு, வெளிநாட்டுப் பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்று. அனுப்பியவர் பெயர், டாலர் தொகை, மாற்று விகிதம், எதற்கான பணம் என்ற குறியீடு எல்லாம் அதில்தான் இருக்கும். மூன்று, வங்கி ஸ்டேட்மென்ட். ஸ்டேட்மென்ட்டை மட்டும் அனுப்பினால் போதாது. அதில் இருக்கும் சுருக்க எழுத்துகளை வைத்து, இது யூடியூப் பணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றிலும் ஒரே பணம்தான். ஆனால், ஒரே எண் இல்லை. ஒரு மாதக் கணக்கைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

2023 அக்டோபர் மாத வருமானம் நவம்பர் இரண்டாம் வாரத்தில்தான் இறுதியானது: 1,642 டாலர். அதில் அமெரிக்காவில் இருந்து பார்த்தவர்கள் மூலம் வந்தது 280 டாலர். அதற்கு மட்டும் அமெரிக்க வரி 15 சதவிகிதம், 42 டாலர் பிடித்தார்கள். பணம் வருவது சிங்கப்பூரிலிருந்து, வரி போவது அமெரிக்காவுக்கு! 2021 ஜூனிலிருந்து இப்படித்தான். இந்தியாவில் இருப்பதற்கான வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருந்தால்தான் இந்த 15 சதவிகிதம். கொடுக்காதவர்களுக்கு உலகம் முழுக்க வந்த வருமானத்தில் 24 சதவிகிதம் வரை பிடிப்பார்கள்.

மீதி 1,600 டாலர், நவம்பர் 21-க்குப் பிறகு கிளம்பியது. வங்கி ஒரு டாலருக்கு 82.90 ரூபாய் போட்டது. 1,32,640 ரூபாய். அதில் வங்கிக் கட்டணம் ஜி.எஸ்.டி-யோடு 295 ரூபாய். டாலரை ரூபாயாக மாற்றியதற்கான ஜி.எஸ்.டி 209 ரூபாய் 38 காசு. கடைசியில் கணக்கில் ஏறியது 1,32,135 ரூபாய் 62 காசு.

நான் காட்டவேண்டிய வருமானம் இந்தக் கடைசி எண் அல்ல. அமெரிக்காவில் பிடித்த வரிக்கு இங்கே கழிவு கேட்பதால், பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையைத்தான் காட்ட வேண்டும். வங்கிக் கட்டணம் தனியாகச் செலவில் வரும். ஆகவே, வரி பிடித்த 42 டாலரையும் ரூபாயாக்க வேண்டும். அதற்கு, வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஸ்டேட் வங்கி டாலரை வாங்கிய விகிதம். நவம்பரில் பிடித்ததற்கு அக்டோபர் 31-ம் தேதி விகிதம்.

இப்படி 12 மாதத்துக்கு 12 வரிசை போட்டோம். எந்தப் 12 மாதம் என்பதில்தான் பலருக்கும் குழப்பம் வரும். நான் பணம் கைக்கு வரும்போது வரவு வைக்கும் முறையில் கணக்கு எழுதுகிறேன். அதனால் 2023 ஏப்ரலில் வந்த மார்ச் மாத வருமானம் முதல் வரிசை. 2024 மார்ச்சில் வந்த பிப்ரவரி வருமானம் கடைசி வரிசை. யூடியூப் ஸ்டுடியோவில் ஏப்ரல் முதல் மார்ச் வரை தேதி போட்டு எடுக்கும் மொத்தம் இதோடு பொருந்தாது. அது சம்பாதித்த மாதத்தைச் சொல்கிறது. வங்கி, வந்த மாதத்தைச் சொல்கிறது.

அமெரிக்க வரிக்கான 1042-எஸ் சான்றிதழிலும் இதே சிக்கல். அது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது. நம் நிதியாண்டுக்கு 2023, 2024 இரண்டு சான்றிதழையும் வைத்து, மாத ரசீதுகளைக் கொண்டு இடையில் கோடு போட வேண்டியிருந்தது. கழிவு கேட்பதற்கான படிவம் 67-ஐ உரிய காலத்திலேயே தாக்கல் செய்திருந்தோம். அதன் நகலையும் சேர்த்தோம்.

12 வரிசையையும் கூட்டினோம். வங்கியில் ஏறிய விளம்பரப் பணம் 15,61,200. வங்கி பிடித்தது 6,000. அமெரிக்க வரி 41,400. மூன்றும் சேர்ந்தால் 16,08,600. வருமான வரிக் கணக்கில் காட்டிய அதே எண்.

அப்படியென்றால் அந்த 4,74,900? அப்படி ஒரு தொகை என் கணக்கில் எங்குமே இல்லை என்பதுதான் விஷயம். மொத்த வரவில் விளம்பரப் பணத்தைக் கழித்தால், மற்ற வரவு 5,22,300. நான் காட்டியதிலோ, கணக்கில் ஏறவே ஏறாத 47,400 (அமெரிக்க வரியும் வங்கிக் கட்டணமும்) கூடுதலாக இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று போனால் 4,74,900. நோட்டீஸ் கேட்ட எண்ணுக்கு மட்டும் விளக்கம் தேடியிருந்தால், எத்தனை நாள் தேடினாலும் கிடைத்திருக்காது.

மற்ற வரவு 5,22,300-க்கும் தனி அட்டவணை. என் இன்னொரு வங்கிக் கணக்கிலிருந்து மாற்றியது 2,50,000. அதற்கு அந்த வங்கியின் ஸ்டேட்மென்ட். அப்பா மரவள்ளிக் கிழங்கு விற்ற பணம் 1,95,000. அதற்கு ஆலை கொடுத்த எடைச் சீட்டும் பட்டியலும், அப்பா பெயரில் உள்ள சிட்டா, அடங்கலும். அண்ணன் திருப்பிக் கொடுத்த கைமாற்று 77,300. முன்பு நான் அவனுக்கு அனுப்பியதற்கான வங்கிப் பதிவும், அவன் கையெழுத்திட்ட கடிதமும்.

இதற்கிடையில் உறவுக்காரர் ஒருவர், “மலைவாழ் மக்களுக்கு வரியே கெடையாதாமே, அங்க இருக்கிறவங்க பேர்ல சேனலை மாத்திடலாமே” என்று யோசனை சொன்னார். ஆடிட்டர் சார் சிரித்தார். பழங்குடியினருக்கான அந்த வரி விலக்கு வடகிழக்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளுக்கும் லடாக்குக்கும்தான். கல்வராயன் மலைக்குக் கிடையாது.

பதில் கடிதம் ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. முதல் பத்தியிலேயே, 20,83,500-ல் விளம்பரப் பணம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துச் சொன்னோம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண் போட்டு, அதே எண்ணை அதற்கான ரசீதின் மூலையிலும் எழுதினோம். படிக்கும் அதிகாரி 7-வது வரிசையைச் சந்தேகப்பட்டால், 7-ம் எண் ரசீதைத் திறந்தால் போதும். 11-ம் நாள் இணையதளத்தில் பதிவேற்றி, ஒப்புகையைச் சேமித்தோம். சில மாதம் கழித்து, நான் காட்டிய வருமானத்தை அப்படியே ஏற்று உத்தரவு வந்தது.

அந்த அட்டவணையை நான் மூடவில்லை. இப்போது பணம் ஏறிய அன்றே ஒரு வரிசை சேர்க்கிறேன்: எந்த மாத வருமானம், எத்தனை டாலர், எவ்வளவு வரி, என்ன விகிதம், எவ்வளவு கட்டணம், கணக்கில் ஏறியது எவ்வளவு. வங்கிச் சான்றையும் அந்த வாரமே கேட்டு வாங்கிவிடுகிறேன். அப்பாவின் கிழங்குப் பணம் இப்போது அப்பா கணக்குக்கே போகிறது.