மதுரையில் ஒரு டன்னின் விலை

சிமென்ட் அனுப்பும் திட்டத்தைக் கணினியில் ஓட்டினால், எந்த ஆலையிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை டன் என்ற பட்டியல் வரும். எல்லோரும் அதை அச்சடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் முதலில் பார்ப்பது, யாரும் சீந்தாத இன்னொரு பட்டியலை. அதில் ஆலை ஒவ்வொன்றுக்கும் ஊர் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு எண் இருக்கும். டூயல் கணக்கின் விடை அது. மோடி முறையில் u, v என்று படித்தவர்களுக்கு அந்த எண்கள் பழக்கமானவைதான். பரீட்சையோடு அவற்றை விட்டுவிட்டிருப்பார்கள்.

ஓர் உதாரணம். எண்களைக் கணக்கு வசதிக்காக நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு அரியலூர் ஆலையில் 600 டன், திண்டுக்கல் ஆலையில் 400 டன். தேவை தஞ்சாவூரில் 300, திருச்சியில் 400, மதுரையில் 300. டன்னுக்கு லாரி வாடகை, அரியலூரிலிருந்து தஞ்சாவூருக்கு 300 ரூபாய், திருச்சிக்கு 400, மதுரைக்கு 900. திண்டுக்கல்லிலிருந்து தஞ்சாவூருக்கு 700, திருச்சிக்கு 500, மதுரைக்கு 400.

சிக்கனமான திட்டம் இது: தஞ்சாவூருக்கு வேண்டிய 300 டன்னும் அரியலூரிலிருந்தே போகும். மதுரைக்கு வேண்டிய 300 டன் திண்டுக்கல்லிலிருந்து. திருச்சிக்கு அரியலூர் 300, திண்டுக்கல் 100. மொத்தம் 3,80,000 ரூபாய்.

இப்போது விலைகளுக்கு வருவோம். அரியலூர் ஆலை வாசலில் சரக்கின் விலையைப் பூஜ்யம் என்று வைக்கிறேன். வித்தியாசங்கள்தான் முக்கியம் என்பதால் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அங்கிருந்து லாரி போகும் ஊர்களில் விலை வாடகையளவு ஏறும்: தஞ்சாவூர் 300, திருச்சி 400. திருச்சிக்குத் திண்டுக்கல்லிலிருந்தும் சரக்கு வருகிறது, அதற்கு வாடகை 500. ஆகவே திண்டுக்கல் விலை −100. அதோடு 400 கூட்டினால் மதுரை விலை 300.

லாரி ஓடாத வழிகளைச் சரிபார்க்க வேண்டும். அரியலூரில் வாங்கி மதுரையில் விற்பவனுக்கு 300 ரூபாய் வித்தியாசம் கிடைக்கும், வாடகையோ 900. திண்டுக்கல்லில் வாங்கித் தஞ்சாவூரில் விற்றால் கிடைப்பது 400, வாடகை 700. இரண்டிலும் நஷ்டம், அதனால்தான் அந்த வழிகள் காலி. டூயலின் நிபந்தனை v_j − u_i ≤ c_ij என்பது இவ்வளவுதான்: வாடகையை மீறி யாரும் லாபம் பார்க்க முடியாதபடி விலைகள் நிற்க வேண்டும், சரக்கு ஓடும் வழியில் வித்தியாசமும் வாடகையும் சமமாக இருக்க வேண்டும்.

நான் மிகவும் ரசிக்கும் எண் மதுரையின் 300. அரியலூரில் ஒரு டன் கூடுதலாகத் தயாராகி, மதுரையில் ஒரு டன் கூடுதலாகத் தேவைப்பட்டால் செலவு எவ்வளவு கூடும்? வாடகைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் 900 என்பார். ஆனால் அந்த டன் மதுரைக்கு நேரே போக வேண்டியதில்லை. திருச்சிக்குப் போகவிருந்த திண்டுக்கல் டன் ஒன்றை மதுரைக்குத் திருப்பிவிட்டு, திருச்சிக்கு அரியலூர் டன்னைக் கொடுத்தால் போதும். 400 கூடும், 500 குறையும், மறுபடி 400 கூடும். ஆக 300. வாடகை ஒரு வழியைப் பற்றி மட்டும் பேசுகிறது. இடத்தின் விலையோ திட்டம் முழுவதையும் கலைத்து அடுக்கிப் பார்த்தபின் வருவது. லியோனிட் கந்தரோவிச்சும் ஜாலிங் கூப்மன்ஸும் தனித்தனியே கண்டடைந்தது இந்தப் பார்வையைத்தான். கூப்மன்ஸ் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வாஷிங்டனில் சரக்குக் கப்பல் கணக்குகளோடு உட்கார்ந்திருந்தவர். 1975இல் பொருளாதார நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

திண்டுக்கல்லின் −100 ஒரு முதலீட்டுக் கேள்விக்கும் பதில் சொல்கிறது. உற்பத்தியைக் கூட்டுவது எங்கே? மதுரைக்குப் பக்கம் என்பதால் திண்டுக்கல்லில் என்று விற்பனைப் பிரிவு சொல்லும். விலை வேறு சொல்கிறது: அரியலூர் டன் 100 ரூபாய் அதிக மதிப்புள்ளது. திண்டுக்கல் தயாரிப்பில் ஒரு டன்னைக் குறைத்து அரியலூரில் தயாரித்தால், திருச்சிக்கு 500க்குப் பதில் 400 ரூபாயில் போய்விடும். டன்னுக்கு ஆகும் தயாரிப்புச் செலவு அரியலூரில் 100 ரூபாய்க்குள் கூடினாலும் நஷ்டமில்லை.

ஆனால் இது 100 டன் வரைதான். திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குப் போவதே அவ்வளவுதானே. 101ஆவது டன்னை மாற்றினால், மதுரைக்கு அரியலூரிலிருந்தே லாரி விட வேண்டும்: 400க்குப் பதில் 900. டன்னுக்கு 100 லாபமாக இருந்தது 500 நஷ்டமாகக் கவிழும். இருநூறு டன் மாற்றப் போகிறவர் இந்த 100 ரூபாயை இருநூறால் பெருக்கினால் லாபம் 20,000 என்று வரும். உண்மையில் 40,000 ரூபாய் நஷ்டம்.

தொல்லை பிடித்த இடம் அந்த விளிம்பு. அரியலூர் 700, திண்டுக்கல் 300 என்று சரியாக அமைந்துவிட்டால், திண்டுக்கல்–திருச்சி வழி காலியாகும். வலைப்பின்னல் இரண்டு துண்டாகிவிடும். இரண்டுக்கும் இடையே விலையைக் கட்டிப்போடும் லாரி எதுவும் ஓடாது. திண்டுக்கல் விலை −100இலிருந்து +500 வரை எதுவாக இருந்தாலும் நிபந்தனைகள் பொருந்தும். மென்பொருள் அதில் ஒன்றை எடுத்து, அதுதான் விலை என்பதுபோல் அச்சடித்துவிடும். வேறு விலைகளும் உண்டு என்பது அந்த ஒற்றை எண்ணைப் பார்த்தால் தெரியாது. தேவைகளையும் கொள்ளளவுகளையும் முழு எண்களாகவே வைப்பவர்கள் நாங்கள் என்பதால், இப்படிச் சரியாகப் பொருந்திப்போவது அபூர்வமல்ல.

அடையாளம் சுலபம். திட்டத்தில் லாரி ஓடும் தடங்களை எண்ணுவேன். இரண்டு ஆலை, மூன்று ஊர் என்றால் நான்கு தடங்கள் இருக்க வேண்டும்; மூன்றே இருந்தால் விலையை நம்புவதில்லை. திண்டுக்கல்லில் ஒரு டன் கூட்டி அரியலூரில் ஒரு டன் குறைத்து ஒருமுறை, மாற்றி ஒருமுறை எனக் கணக்கை மறுபடி ஓட்டுவேன். முதலாவதில் செலவு 100 கூடும், இரண்டாவதில் 500 கூடும். அறிக்கையில் அந்த இரண்டு எண்களையும் எழுதுவேன், எந்தப் பக்கம் நகர்ந்தால் எது என்ற குறிப்போடு.