‘நீ’ யார், ‘நீங்கள்’ யார்?

திண்டுக்கல்லில் எனக்கு மொழிபெயர்ப்புதான் தொழில். வக்கீல் நோட்டீஸ், கிரயப் பத்திரம், பேங்க் கடன் தாள் என்று கைக்கு வருவதெல்லாம் சட்ட மொழிதான். சில மாதங்களுக்கு முன் இங்குள்ள டியூஷன் சென்டர்க்காரர் ஒருவர், தங்கள் ஆப்பின் பயன்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் 11 பக்கம். கூடவே, யாரோ வரிக்கு வரி பெயர்த்திருந்த தமிழ்ப் பிரதி ஒன்று.

“ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைங்களுக்குப் புரியணும், அவங்க அப்பா அம்மாவுக்கும் புரியணும். ஆனா வக்கீல் பார்த்தா ஓட்டை எதுவும் இருக்கக்கூடாது மேடம்” என்றார்.

இதே வேலையை இங்கிலாந்தில் 2017-இல் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். அங்கே குழந்தைகள் ஆணையர் வெளியிட்ட ஓர் அறிக்கைக்காக, ஜென்னி அஃபியா என்ற வழக்கறிஞர் இன்ஸ்டாகிராமின் விதிகளைப் பிள்ளைகளுக்காகத் திருப்பி எழுதினார். 17 பக்கம், 5,000 வார்த்தைக்கு மேல் இருந்தது ஒரே பக்கத்துக்குள் வந்தது. ‘நீ போடும் படம் உன்னுடையதுதான், ஆனால் அதை நாங்கள் பயன்படுத்தலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம், அதற்கு உனக்குக் காசு கிடையாது’ என்ற பொருளில் ஒரு வரி அதில் உண்டு. படித்த பிள்ளைகள் அதிர்ந்துபோனார்கள்.

அந்த வரியை நான் பல முறை படித்துப் பார்த்தேன். தெளிவான வரிதான். ஆனால், இன்ஸ்டாகிராமின் இன்றைய விதிகளில் அந்த அனுமதிக்கு இரண்டு எல்லைகள் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, நாம் வைத்திருக்கும் பிரைவசி செட்டிங்கை ஒட்டித்தான் அந்த அனுமதி. இன்னொன்று, படம் அவர்களுடைய கணினிகளிலிருந்து அழிக்கப்பட்டதும் அனுமதி முடிகிறது. சுருக்கும்போது முதலில் உதிர்வது இந்த மாதிரி ‘எதுவரை’, ‘எந்த நிபந்தனையில்’ என்கிற துண்டுகள்தான். பூட்டுக்கு உள்ளே இருக்கும் லீவரில் ஒன்றை எடுத்துவிட்டால் வெளியே பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. வேறு சாவி போட்டாலும் திறக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே எழுத உட்காரும் முன் ஒரு காரியம் செய்தேன். 11 பக்கத்திலும் மூன்று நிறப் பென்சிலால் கோடு போட்டேன். பயன்படுத்துகிறவர் செய்யவேண்டியது சிவப்பு. நிறுவனம் செய்ய அனுமதி கேட்பது நீலம். இரண்டுக்கும் எல்லை வைக்கும் சொற்கள் பச்சை. கோடு விழாத பகுதி பாதிக்கு மேல். ஒரே விஷயத்தை நான்கு சொல்லில் சொல்வது, முன்னால் சொன்னதைப் பின்னாலும் சொல்வது என்று இருந்தது. அதையெல்லாம் தாராளமாக வெட்டலாம். பச்சையில் மட்டும் கை வைக்கக்கூடாது.

முதல் சிக்கல் ஒரே ஒரு சொல்லில் வந்தது. ஆங்கிலத்தில் ‘யூ’ என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. தமிழில் ‘நீ’யா, ‘நீங்கள்’ஆ? மரியாதை மட்டும் இதில் பிரச்சினை இல்லை. ‘யூ கட்டணம் செலுத்தவேண்டும்’, ‘யூ பாஸ்வேர்டைப் பகிரக்கூடாது’ என்று ஒரே பக்கத்தில் இரண்டு வரி. முதல் ‘யூ’ அப்பா. இரண்டாவது ‘யூ’ பிள்ளை. ஆங்கிலம் மறைத்துவைத்திருந்த கேள்வியைத் தமிழ் கேட்டே தீரும்.

சட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாதவர். கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற, சட்டப்படி வயது நிரம்பாத ஒருவர் சொத்தை அடமானம் வைத்துக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அந்தப் பத்திரம் எழுதிய கணத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் தீர்ப்பு வந்தது. இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் முதலில் படிக்கும் வழக்குகளில் அது ஒன்று.

அப்படியானால் பத்தாம் வகுப்புப் பிள்ளை ‘சம்மதம்’ என்று பொத்தானைத் தட்டினால், ஒப்பந்தமாக அதற்கு வலு இல்லை. கட்டணமோ அபராதமோ அந்தத் தட்டலை வைத்துப் பிள்ளையிடம் கேட்கமுடியாது. அதனால் தாளை இரண்டாகப் பிரித்தேன். பெற்றோருக்கு ‘நீங்கள்’ என்று எழுதியது ஒப்பந்தம்: பணம், தகவல், படம், புகார் எல்லாம் அதில். பிள்ளைக்கு ‘நீ’ என்று எழுதியது நடத்தை விதி: எதைச் செய்யக்கூடாது, செய்தால் என்ன ஆகும், யாரிடம் சொல்லவேண்டும். பெற்றோர் தாளில் ஒரு வரி இரண்டையும் இணைக்கிறது: ‘பிள்ளைக்கான தாளை நீங்களும் படித்து, அதன்படி நடக்கவைப்பது உங்கள் பொறுப்பு.’

அடுத்த சிக்கல் நம்முடைய ‘லாம்’. பழைய தமிழ்ப் பிரதியில், ‘நிறுவனம் கணக்கை நிறுத்தலாம்’ என்று இருந்தது. ‘வரலாம்’ என்றால் அனுமதி. ‘மழை வரலாம்’ என்றால் ஒருவேளை. ‘வா, போகலாம்’ என்றால் யோசனை. ஒரு விகுதிக்கு மூன்று வேலை. சட்டத்தில் இதற்கு இடம் கொடுத்தால் வம்பு. ‘கணக்கை நிறுத்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு’ என்று எழுதி, பச்சைக் கோடு போட்டிருந்ததை அப்படியே பக்கத்தில் வைத்தேன்: ‘ஆனால் காரணத்தை ஏழு நாள் முன்பாகப் பெற்றோருக்கு எழுத்தில் சொல்லவேண்டும். இன்னொரு மாணவரை மிரட்டினாலோ கேலி செய்து படம் பரப்பினாலோ உடனே நிறுத்தும்.’ வார்த்தை எளிமையானது; எல்லை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வேலையின் நடுவே நிஜமாகவே பிரச்சினையானது படம் பற்றிய பிரிவு. பாடத்தில் சந்தேகம் வந்தால் நோட்டைப் படம் எடுத்தோ, கேள்வியை வீடியோவாகப் பேசியோ ஆப்பில் போடலாம். அவற்றை ‘உலகம் முழுதும், காலவரையின்றி, கட்டணமின்றி, எந்த ஊடகத்திலும்’ பயன்படுத்தும் உரிமையை மூலத்தாள் எடுத்துக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ நகல் எடுத்த பிரிவு என்பது பார்த்தாலே தெரிந்தது. நான் அதில் எதையும் குறைக்காமல் தமிழில் இப்படி எழுதிக் காட்டினேன்: ‘உங்கள் மகள் சந்தேகம் கேட்டு அனுப்பும் வீடியோவை நாங்கள் பஸ் ஸ்டாண்டு ஃப்ளெக்ஸிலும் விளம்பரத்திலும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் போடுவோம். உங்களிடம் மறுபடி கேட்கமாட்டோம்.’

சென்டர்க்காரர் இரண்டு முறை படித்தார். “அப்படியா போட்டிருக்கு? எந்த அம்மா மேடம் இதுக்கு ஒத்துக்குவாங்க?”

ரிசல்ட் வந்ததும் முதல் மார்க் பிள்ளைகளின் படத்தை ஃப்ளெக்ஸில் போடுவது நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். அதற்குத் தனியாக ஒரு கையெழுத்து வாங்கினால் போதும். கடைசியில் அந்தப் பிரிவு இப்படி முடிந்தது: ‘சந்தேகம் கேட்டு அனுப்பும் படமும் வீடியோவும் பதில் சொல்ல மட்டுமே. கல்வியாண்டு முடிந்து 30 நாளில் அழித்துவிடுவோம். விளம்பரத்துக்குப் படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் உங்கள் கையெழுத்து கேட்போம். மறுத்தால் படிப்புக்குப் பாதிப்பு வராது.’ வக்கீலும் இதைத்தான் விரும்பினார். அளவுக்கு மீறி உரிமை கேட்கும் பிரிவு கோர்ட்டில் நிற்குமா என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்ததாம்.

புரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ‘புரிஞ்சுதா’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அதனால் தாளைக் கொடுத்துவிட்டு, ‘இப்படி நடந்தா என்ன செய்வீங்க’ என்று கேட்டேன். வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவும், பத்தாவது படிக்கும் அவர் மகளும் உட்கார்ந்தார்கள். முதலில் பழைய தமிழ்ப் பிரதியைக் கொடுத்துக் கேட்டேன்.

“டியூஷன் வேணாம்னு நின்னுட்டீங்க. ஆப்ல இருக்கிற பாப்பா விவரத்தை என்ன செய்வீங்க?”

“ஆப்பை அழிச்சுட்டா எல்லாம் போயிருமே அக்கா.”

போகாது. போனிலிருந்து ஆப்பை எடுத்தால் அவர்களிடம் உள்ள கணக்கும் தகவலும் அப்படியேதான் இருக்கும். மூலத்தில் இது எட்டாம் பக்கத்தில் இருந்தது. புதிய தாளில் இது மூன்றாவது வரி: ‘ஆப்பை நீக்கினால் கணக்கு நீங்காது. கணக்கை மூட, ஆப்பில் உள்ள “கணக்கை மூடு” பொத்தானை அழுத்துங்கள், அல்லது எழுதிக் கொடுங்கள்.’

அடுத்து மகளிடம், பெற்றோர் சம்மதத்தை ஓ.டி.பி. மூலம் வாங்குவது பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டாள். “அம்மா நைட் ஷிஃப்ட் போனா போன் எங்கிட்டதான் இருக்கும் அத்தை. ஓ.டி.பி.யும் எனக்குத்தான் வரும்.”

எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் இந்த ஓட்டையை அடைக்கமுடியாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே இருப்பவரின் தகவலைக் கையாள, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சில விதிவிலக்குகள் போக, பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை சொல்கிறது. சம்மதம் கேட்கும் தாள் தெளிவான, எளிய மொழியில் இருக்கவேண்டும், தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வசதி வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அவகாசம் முடியும்வரை காத்திருக்காமல், சேர்க்கையின்போதே பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போடும்படி சென்டர்க்காரர் மாற்றிக்கொண்டார். ஓ.டி.பி. நினைவூட்டலுக்கு மட்டும்.

கடைசியாக ஒரு வரியில் இழுபறி. ‘எளிய தாளுக்கும் ஆங்கில மூலத்துக்கும் வேறுபாடு இருந்தால் மூலமே செல்லும்’ என்று போடச் சொன்னார்கள். மொழிபெயர்ப்புகளில் வழக்கமாக வரும் வரிதான். ஆனால் இங்கே அதைப் போட்டால், அந்த அம்மா படித்துக் கையெழுத்திட்டது வெறும் விளம்பரத் தாள் ஆகிவிடும். அவரைக் கட்டுப்படுத்துவது அவர் படிக்காத 11 பக்கம். வக்கீல் ஒருநாள் எடுத்துக்கொண்டு இரண்டையும் பிரிவு பிரிவாக ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு மூலத்தைத் தமிழ்த் தாளுக்கு ஏற்பத் திருத்திவிட்டு, ‘தமிழ்த் தாளே ஒப்பந்தம்’ என்று எழுதச் சம்மதித்தார். பெற்றோருக்கு இரண்டு பக்கம், பிள்ளைக்கு ஒரு பக்கம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் ஆப்பில் விதிகளை எப்போதாவது திறந்தால், முழுதும் படிக்க நேரம் இல்லாவிட்டாலும், மூன்று இடங்களைத் தேடிப் பாருங்கள். நம் படத்தை எதற்கு, எதுவரை வைத்திருப்பார்கள்? கணக்கை மூட என்ன செய்யவேண்டும்? எளிய சுருக்கம் ஒன்று கொடுத்திருந்தால், சண்டை வந்தால் செல்லுவது அதுவா, இல்லை கீழே பொடி எழுத்தில் இருக்கும் நீளமான தாளா? மூன்றாவதற்குப் பதில் நீளமான தாள் என்றால், மேலே இருக்கும் சுருக்கத்தை மட்டும் நம்பிக் கட்டைவிரலை வைக்காதீர்கள்.